சந்தை ஏறிய நாளில் சிவப்பு மெழுகுவர்த்தி ஏன்?

2024 ஜூன் 3, திங்கட்கிழமை. மக்களவைத் தேர்தலின் கருத்துக் கணிப்புகள் சனிக்கிழமை மாலையே வெளியாகியிருந்தன. ஆளும் கூட்டணிக்குப் பெரும் வெற்றி என்று எல்லாக் கணிப்புகளும் அடித்துச் சொன்னதால், சந்தை துள்ளிக் குதித்தது. நிஃப்டி குறியீடு ஒரே நாளில் 733 புள்ளி ஏறியது. தொலைக்காட்சிகள் அன்று முழுக்கப் பச்சை அம்புக்குறி காட்டின. ஆனால் அன்றைய கேண்டில் வரைபடத்தை இன்று எடுத்துப் பார்த்தால் ஜூன் 3-க்கு நேரே நிற்பது சிவப்பு மெழுகுவர்த்தி.

செயலி தவறு செய்யவில்லை. தொலைக்காட்சி சொன்னதும் சரி, வரைபடம் சொல்வதும் சரி. இரண்டும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. கேண்டில் வரைபடம் பார்க்கத் தொடங்கும் பெரும்பாலோர் இடறுவது இந்த இடத்தில்தான். எனவே இதையே பிடித்துக்கொண்டு போவோம்.

ஒரு பங்கு ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை கைமாறுகிறது. அத்தனை விலைகளிலிருந்தும் நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறது கேண்டில்: அன்று தொடங்கிய விலை, முடிந்த விலை, தொட்ட உச்சம், தொட்ட அடி. வர்த்தகர்கள் வழக்கில் ஓப்பன், குளோஸ், ஹை, லோ. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட பகுதியைத் தடித்த கட்டையாக வரைகிறார்கள். அது கேண்டிலின் உடல். உடலுக்கு மேலே உச்சம் வரை ஒரு மெல்லிய கோடு, கீழே அடி வரை ஒரு மெல்லிய கோடு, இவை திரிகள். முடிவு விலை தொடக்க விலையைவிட மேலே இருந்தால் உடல் பச்சை, கீழே இருந்தால் சிவப்பு.

ஒரு கற்பனைப் பங்கை வைத்துப் பார்ப்போம். நேற்று அது 500 ரூபாயில் முடிந்தது. இன்று காலை 492-ல் தொடங்கியது. பகலில் 486 வரை இறங்கியது, 503 வரை ஏறியது, கடைசியில் 498-ல் முடிந்தது. உடல் 492-லிருந்து 498 வரை, 6 ரூபாய் உயரம். மேல்திரி 503 வரை நீள்கிறது, கீழ்த்திரி 486 வரை இறங்குகிறது. 492-ல் தொடங்கி 498-ல் முடிந்ததால் நிறம் பச்சை. ஆனால் நேற்று 500-க்கு வாங்கி வைத்திருந்தவருக்கு இன்று 2 ரூபாய் நஷ்டம். அவருடைய செயலியின் முகப்பில் இதே பங்குக்குப் பக்கத்தில் மைனஸ் 0.4 சதவீதம் என்று சிவப்பில் எழுதியிருக்கும்.

சதவீதக் கணக்கு நேற்றைய முடிவோடு இன்றைய முடிவை ஒப்பிடுகிறது. கேண்டிலின் நிறத்துக்கு நேற்று என்ற ஒன்றே கிடையாது. அது இன்றைய காலையோடு இன்றைய மாலையை மட்டும் ஒப்பிடுகிறது. நேற்று மாலைக்கும் இன்று காலைக்கும் நடுவே நடந்தது எதுவும் கேண்டிலுக்குள் இல்லை. அது இரண்டு கேண்டில்களுக்கு இடையில் வெற்றிடமாக நிற்கிறது. அந்த இடைவெளியைத்தான் கேப் என்கிறார்கள்.

இப்போது ஜூன் 3 புரியும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை நிஃப்டி முடிந்தது 22,531-ல். திங்கள் காலை அது தொடங்கியதே 23,338-ல். அதாவது முதல் வர்த்தகத்துக்கு முன்பே 807 புள்ளி ஏறியாகிவிட்டது. அதன்பிறகு அன்று முழுதும் அது தொடங்கிய இடத்துக்கு மேலே ஒரு புள்ளிகூடப் போனதாகச் சொல்ல முடியாது, உச்சம் 23,339. மாலையில் முடிந்தது 23,264. ஆக, இரவிலும் வார இறுதியிலும் சேர்ந்த உற்சாகம் 807 புள்ளி, பகல் வர்த்தகம் கரைத்தது 74 புள்ளி, மிச்சம் 733. கேண்டில் அந்த 74-ஐ மட்டும் சிவப்பில் வரைந்திருக்கிறது. காலையில் செய்தியை நம்பி முதல் நிமிடத்தில் பாய்ந்து வாங்கியவர் மாலையில் நஷ்டத்தில் இருந்தார் என்பதுதான் அந்தச் சிவப்புக்குப் பொருள். வெள்ளிக்கிழமையே வாங்கி வைத்தவருக்கு அது பொருந்தாது.

மறுநாள் வாக்கு எண்ணிக்கை. பாரதிய ஜனதா கட்சி தனித்து 240 இடங்களில் நின்றது. பெரும்பான்மைக்கு வேண்டியது 272. நிஃப்டி 23,180 வாக்கில் தொடங்கியது. தொடக்கமே அன்றைய உச்சமும்கூட, எனவே அந்தக் கேண்டிலுக்கு மேல்திரி இல்லை. 21,281 வரை சரிந்து, 21,885 வாக்கில் முடிந்தது. ஏறத்தாழ 1,295 புள்ளி நீளத்துக்குச் சிவப்பு உடல்; அதற்குக் கீழே 600 புள்ளிக்கு ஒரு திரி. அன்றைய மொத்தச் சரிவு 1,379. அதில் காலை இடைவெளியின் பங்கு 84 புள்ளி மட்டுமே. முந்தைய நாளுக்கு நேர் எதிர் கதை இது. அன்று செய்தி இரவிலேயே விலைக்குள் புகுந்துவிட்டது. இன்று செய்தி பகல் முழுக்கச் சுற்றுச் சுற்றாக வந்துகொண்டே இருந்தது, விலையும் ஒவ்வொரு சுற்றுக்கும் இறங்கியது. அதனால்தான் அந்த நாள் இடைவெளியாக இல்லாமல் உடலாக வரையப்பட்டிருக்கிறது.

ஜூன் 5 அன்று 22,128-ல் தொடக்கம். 21,792 வரை ஒரு முறை இறங்கிப் பார்த்தது, 22,670 வரை ஏறியது, 22,620-ல் முடிந்தது. நல்ல பச்சை உடல். கீழே ஒரு நடுத்தரத் திரி, மேலே துணுக்குபோல் ஒன்று. இதில் நான் முதலில் பார்ப்பது நிறத்தை அல்ல, அடியை. முந்தைய நாளின் 21,281-க்குப் பக்கத்தில்கூட விலை போகவில்லை. விற்க நினைத்தவர்கள் அந்த ஆழத்துக்கு இரண்டாம் முறை தள்ள முடியவில்லை என்பது அந்த ஒரு எண்ணிலிருந்து தெரிகிறது.

இந்த மூன்று நாளையும் வார கேண்டிலாக மாற்றிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். திங்கள் தொடக்கம் 23,338, வெள்ளி முடிவு 23,290. உடல் 48 புள்ளிதான். இவ்வளவு பெரிய வரைபடத்தில் அது ஒரு கீற்று. நாடே பார்த்துப் பதறிய செவ்வாய்க்கிழமை வெறும் கீழ்த்திரியாகச் சுருங்கிவிட்டது. 2,000 புள்ளி நீளத் திரி, உண்மைதான். ஆனால் உடலை மட்டும் பார்ப்பவருக்கு அந்த வாரம் ஒன்றுமே நடக்கவில்லை.

நிறக் குழப்பத்துக்கு வரைபடச் செயலிகளிலேயே ஒரு தீர்வு இருக்கிறது. கேண்டில் வகைகளில் உள்ளீடற்ற கேண்டில் என்று ஒன்று உண்டு. பெரும்பாலான செயலிகளில் பட்டியலில் அது Hollow Candles என்று இருக்கும். அதில் நிறம் நேற்றைய முடிவோடு ஒப்பிடுகிறது. உடல் நிரம்பியிருப்பதும் வெறுமையாக இருப்பதும் இன்றைய தொடக்கத்தோடு ஒப்பிடுகிறது. இரண்டு கேள்விக்கும் ஒரே கட்டையில் பதில் கிடைக்கும். கண் பழக இரண்டு வாரம் ஆகும், அவ்வளவுதான். சீனாவின் தளங்களைப் பார்க்க நேர்ந்தால் இன்னொரு எச்சரிக்கை: அங்கே ஏற்றத்துக்குச் சிவப்பு, இறக்கத்துக்குப் பச்சை.

நான்கு எண்களில் உச்சமும் அடியும் எளியவை. அந்த விலையில் ஒரு வர்த்தகமாவது நடந்திருக்க வேண்டும், அதற்கு மேல் விளக்கம் இல்லை. தொடக்கமும் முடிவும் அப்படி அல்ல. இரண்டுமே கணக்குப் போட்டுப் பெறப்படும் விலைகள்.

நம் சந்தையில் வழக்கமான வர்த்தகம் தொடங்குவது காலை 9:15-க்கு. ஆனால் 9 மணியிலிருந்தே வாங்க விரும்புவோரும் விற்க விரும்புவோரும் விலை சொல்லிக் காத்திருக்கலாம். அந்த நேரத்தில் எதுவும் கைமாறாது. 9:08-க்குள் ஆர்டர்கள் வாங்குவது நிறுத்தப்படும். அதுவும் கடைசி நிமிடத்தில் முன்கூட்டிச் சொல்லாத ஏதோ ஒரு நொடியில். இல்லாவிட்டால் கடைசி நொடியில் பெரிய ஆர்டரைப் போட்டு விலையை இழுக்கலாமே. பிறகு எந்த ஒரு விலையில் வைத்தால் அதிகபட்சப் பங்குகள் கைமாறும் என்று கணினி தேடுகிறது. நம் கற்பனைப் பங்கையே எடுத்துக்கொள்வோம். 490 ரூபாய் என்றால் 9,500 பங்கு வாங்க ஆள் உண்டு, ஆனால் விற்க வருவது 4,000 பங்குதான். எனவே 4,000 கைமாறும். 495 என்றால் விற்பதற்கு 9,000 பங்கு வரும், வாங்க 5,000-க்குத்தான் ஆள். 492-ல் வாங்குவது 8,000, விற்பது 7,500. அங்கேதான் 7,500 பங்கு கைமாறுகிறது, எனவே தொடக்க விலை 492. இப்படிப் பொருந்தும் விலை எதுவும் அமையாவிட்டால், 9:15-க்குப் பிறகு நடக்கும் முதல் வர்த்தகமே தொடக்கமாகிவிடும்.

முடிவு விலைதான் இன்னும் ஏமாற்றும். 3:30 மணிக்குச் சந்தை மூடும்போது நடந்த கடைசி வர்த்தகம் எதுவோ அதுவே முடிவு விலை என்றுதான் யாரும் நினைப்பார்கள். நம் சந்தைகளின் நெடுங்கால நடைமுறை வேறு. 3 மணி முதல் 3:30 வரை நடந்த எல்லா வர்த்தகங்களின் சராசரி அது. அதிகப் பங்கு கைமாறிய விலைக்கு அதிக எடை. யாராவது கடைசி நிமிடத்தில் விலையை உந்தி முடிவைத் திரிக்காமல் இருக்க இது நல்ல காவல். ஆனால் கேண்டிலைப் படிப்பவருக்கு ஒரு சிக்கலை உண்டாக்குகிறது.

492, 503, 486, 498 என்ற நம் கேண்டிலுக்கே திரும்புவோம். இதே வடிவம் மூன்று விதமான நாள்களிலிருந்து பிறக்கலாம். முதல் நாளில் விலை காலையிலேயே 486-க்கு இறங்கியது. அங்கிருந்து மெல்ல மெல்ல ஏறி இரண்டு மணிக்கு 503-ஐத் தொட்டது. கொஞ்சம் இளைப்பாறி 498-ல் நின்றது. இரண்டாம் நாளில் பத்தரை மணிக்கே 503. பிறகு சரிந்து மதியம் 486. அங்கிருந்து மீண்டு 498. வாங்கியவர், விற்றவர் மனநிலை இரண்டிலும் முற்றிலும் வேறு. ஆனால் எது முதலில் வந்தது, உச்சமா அடியா என்று கேண்டில் சொல்வதில்லை. சொல்லவும் முடியாது, நேரம் அதற்குள் இல்லை.

மூன்றாம் நாள்தான் விஷமம். மூன்று மணிக்கு விலை 501. அரை மணி நேரத்தின் பெரும்பகுதி அங்கேயே ஓடுகிறது. 80,000 பங்கு கைமாறுகிறது. 3:25-க்கு ஏதோ ஒரு கெட்ட செய்தி. விலை 486-க்கு விழுகிறது, அந்த விலையில் இன்னும் 20,000 பங்கு கைமாறுகிறது, மணி அடித்துவிடுகிறது. சராசரி போட்டால் 498. வரைபடத்தில் பச்சை உடல், கீழே ஒரு திரி. கீழ்த்திரியைப் பார்த்தால், விலை விழுந்து பிறகு மீண்டது என்றுதான் எந்தப் புத்தகமும் சொல்லிக்கொடுக்கும். இங்கே மீளவே இல்லை. விழுந்த இடத்திலேயே நாள் முடிந்தது. மறுநாள் காலை 486-ல் தொடங்கும்போது, ஒரு செய்தியும் புதிதாக வராத இரவில் 12 ரூபாய் இடைவெளி எங்கிருந்து வந்தது என்று வரைபடத்தை மட்டும் பார்த்தவர் திகைப்பார்.

இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. அதே பங்கின் 15 நிமிட கேண்டிலைத் திறந்து பார்த்தால் போதும். ஒரு நாளுக்கு 25 கேண்டில்கள் இருக்கும், உச்சமும் அடியும் வந்த வரிசை தெரிந்துவிடும். கடைசி வர்த்தக விலையையும் முடிவு விலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் உதவும். மாலையில் ஒரு செயலி காட்டும் முடிவுக்கும் இன்னொன்று காட்டும் முடிவுக்கும் சில்லறை வித்தியாசம் வருவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்: ஒன்று கடைசி வர்த்தகத்தை எடுத்திருக்கும், மற்றது சராசரியை.

கேண்டில் முறை ஜப்பானிலிருந்து வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒசாகா நகரின் தோஜிமா அரிசிச் சந்தையில் வணிகம் செய்த ஹொம்மா முனெஹிசா என்பவரோடு இதைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். அவரே இந்த வடிவத்தை வரைந்தார் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மேலை நாடுகளில் இதைப் பரப்பியது 1991-ல் வெளியான ஸ்டீவ் நைசனின் புத்தகம். அதோடு கூடவே வடிவங்களின் பெயர்களும் பரவின. தொடக்கமும் முடிவும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருந்து உடல் கோடாகத் தேய்ந்துவிட்டால் அது டோஜி. மேலே சிறிய உடலும் கீழே அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நீண்ட திரியும் இருந்தால், அதுவும் ஒரு நீண்ட சரிவுக்குப் பின் வந்தால், ஹேமர். இதே வடிவம் ஏற்றத்தின் உச்சியில் வந்தால் அதற்கு வேறு பெயர், எதிர்மாறான பொருள். வடிவம் ஒன்று, பொருள் இரண்டு என்னும்போதே, பொருள் வடிவத்தில் இல்லை, அது நிற்கும் இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. யூடியூபில் நாற்பது பெயர்களை மனப்பாடம் செய்யச் சொல்பவர்கள் இதை அவ்வளவாகச் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், டோஜி என்ற பெயரைவிட ‘காலையில் இருந்த விலைக்கே மாலையில் வந்து நின்றது’ என்று சொல்லிக்கொள்வது மேல். பெயர் வைத்த உடனே அடுத்து என்ன நடக்கும் என்று மனம் ஆரூடத்துக்குத் தாவிவிடும். பகல் ஒரு மணிக்கு ஹேமராகத் தெரிவது 3:30-க்குள் வேறு ஏதாவது ஆகிவிடுவதும் சாதாரணம். நாள் முடியும்வரை நாள் கேண்டில் முடிவதில்லை.

பழைய கேண்டில்களும் அப்படியே நிற்பவை அல்ல. ரிலையன்ஸ் நிறுவனம் 2024 அக்டோபரில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு கொடுத்தது. அக்டோபர் 25 அன்று 2,650 ரூபாய் வாக்கில் முடிந்த பங்கு, அடுத்த வர்த்தக நாளான 28 அன்று 1,330-ஐ ஒட்டி நின்றது. கையில் இருக்கும் பங்கு இரட்டித்துவிட்டதால் யாருக்கும் நஷ்டமில்லை. வரைபடச் செயலிகள் இதற்காக அக்டோபர் 28-க்கு முந்தைய எல்லா விலைகளையும் பாதியாக்கிவிடுகின்றன; அன்று 2,650-க்கு நடந்தது இன்றைய வரைபடத்தில் 1,325 என்று இருக்கும். அப்படித் திருத்தாத வரைபடத்தைத் திறந்தால் ஒரே இரவில் விலை பாதியாக விழுந்ததுபோல் ஒரு பள்ளம் தெரியும். ஒரு பெரிய நிறுவனத்தின் பங்கு சரியாகப் பாதியாகவோ ஐந்தில் ஒன்றாகவோ விழுந்திருப்பதுபோல் தெரிந்தால், முதலில் போனஸா, முகமதிப்புப் பிரிப்பா என்று பார்க்க வேண்டும். சாதாரண டிவிடெண்டுக்கு நம் செயலிகள் பொதுவாக இப்படித் திருத்துவதில்லை. எனவே 500 ரூபாய்ப் பங்கு 10 ரூபாய் டிவிடெண்டு தரும் நாளில் ஏறத்தாழ அந்த அளவுக்கு இடைவெளி விட்டுக் கீழே தொடங்கினால் அதில் சந்தையின் கருத்து எதுவும் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் லட்சக்கணக்கில் கைமாறும் பங்குகளுக்கு. சிறிய பங்குகளில் கேண்டிலை நம்புவதற்கு முன் அதன் அடியில் இருக்கும் வால்யூம் கம்பியைப் பார்க்க வேண்டும். நாள் முழுக்க 300 பங்கு மட்டுமே கைமாறும் ஒரு பங்கில், யாரோ ஒருவர் மார்க்கெட் விலைக்கே கொடு என்று ஆர்டர் போட்டு, பக்கத்தில் விற்பவர் யாரும் இல்லாததால் ஐந்து பங்கை 8 சதவீதம் அதிக விலைக்கு வாங்கிவிட்டால் அதுவே அன்றைய உச்சம். வரைபடத்தில் ஒரு நீண்ட மேல்திரி முளைக்கும். ‘மேலே விற்பவர்கள் திரண்டு விரட்டியடித்தார்கள்’ என்று அதைப் படிப்பது கேலிக்கூத்து. திரளவும் யாருமில்லை, விரட்டவும் யாருமில்லை.

இதன் கோடி எல்லை சர்க்யூட். பல பங்குகளுக்கு ஒரு நாளில் இவ்வளவுதான் ஏறலாம், இறங்கலாம் என்று 2, 5, 10, 20 சதவீத வரம்புகளைச் சந்தை வைத்திருக்கிறது. 5 சதவீத வரம்புள்ள ஒரு சிறிய பங்கு காலையில் தொடங்கும்போதே அந்த மேல் வரம்பில் தொடங்கி, அங்கேயே பூட்டிக்கொண்டால், தொடக்கம், உச்சம், அடி, முடிவு நான்கும் ஒரே எண். உடலும் இல்லை, திரியும் இல்லை. ஒரு சின்னப் படுக்கைக் கோடு. மறுநாள் அதற்கு 5 சதவீதம் மேலே இன்னொரு கோடு, அதற்கு மறுநாள் இன்னொன்று. வரைபடத்தில் இதைப் பார்ப்பவருக்கு எந்த நாளிலும் அந்த விலைக்கு வாங்கியிருக்கலாமே என்று தோன்றும். அந்த நாள்களில் வாங்க ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நிற்க, விற்க வந்தது நூறோ இருநூறோ பங்குதான். ஆர்டர் போட்டவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்திருக்காது. இறங்கும்போதும் அதே கதைதான். கீழ் வரம்பில் பூட்டிக்கொண்டு ஒவ்வொரு நாளும் ஒரு கோடாக அது இறங்கும். வைத்திருப்பவர் விற்க ஆர்டர் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார், எதிரே வாங்க ஆள் இருக்காது. அந்தக் கோடுகளில் எழுதியுள்ள விலை அவர் கைக்கு வராத விலை.